காலியா இருக்கும்போது எவ்வளவு காட்டுது?

சிபாரிசுக் கடிதம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? எம்.எல்.ஏ. லெட்டர்பேடு, பச்சை மை கையெழுத்து, 'இக்கடிதம் கொண்டு வருபவர் எனக்கு நன்கு தெரிந்தவர்'... அதானே? எனக்கும் அதுதான் ஞாபகம் வரும். முன்னாடி கேட்டிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். 2024 ஜனவரியில, ஒரு பக்க லெட்டர் எழுத எனக்கு ஒன்பது நாள் ஆச்சு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். உங்களுக்கும் ஒருநாள் இந்த லெட்டர் தேவைப்படலாம்!

நான் ஒரு சின்ன ஊர் கலைக் கல்லூரியில இயற்பியல் வாத்தியார். பதினெட்டு வருஷ சர்வீஸ். ஒருநாள் ராத்திரி வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ். 'சார், ஞாபகம் இருக்கா? 2015 பேட்ச். ஒரு ஹெல்ப் வேணும்.'

பேர் வேண்டாம், 'அவள்'னே வெச்சுக்குவோம். கல்யாணமாகி அமெரிக்கா போனவள். அங்கே ஹைஸ்கூல்ல ஃபிஸிக்ஸ் டீச்சராகணும்னு ஆசை. அதுக்கான ஆசிரியர் பயிற்சிப் படிப்புக்கு ஒரு பல்கலைக்கழகத்துல விண்ணப்பம் போடுறா. மூணு பேர்கிட்ட இருந்து பரிந்துரைக் கடிதம் கேட்டிருக்காங்க. அதுல ஒண்ணு, பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கிட்ட இருந்து வரணும்.

நம்ம ஊர்ல பி.எட். கவுன்சலிங்குக்குப் போனா மார்க் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ், காண்டக்ட் சர்டிபிகேட் கேட்பாங்க. 'இந்தப் பொண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க வருமா?'னு என்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. அங்கே கேட்கிறாங்க. அதுவும் ஆதாரத்தோட!

'அதுக்கென்னம்மா, நீயே எழுதி அனுப்பு. லெட்டர்பேடுல பிரின்ட் போட்டு கையெழுத்து போட்டுடறேன்'னு பதில் அனுப்பினேன். சிரிக்காதீங்க. உங்க காலேஜ்லயும் இப்படித்தானே நடக்குது? மறுநாளே அவளோட டிராஃப்ட் வந்துடுச்சு. 'கடின உழைப்பாளி. நேர்மையானவர். பணிவானவர். ஆசிரியர்களை மதிப்பவர். எதிர்கால முயற்சிகள் யாவும் வெற்றி பெற வாழ்த்துகிறேன்.'

படிச்சுட்டு எனக்கே வெட்கமா இருந்துச்சு. ஏன்னா அது அவ எழுதினது இல்லை. நான் பதினெட்டு வருஷமா எல்லாருக்கும் அடிச்சுக்கொடுத்த அதே லெட்டர். அந்தக் காலத்துல பேங்க் வேலைக்குக் கேட்ட அவளோட கிளாஸ்மேட்டுக்குக் கொடுத்ததை வாங்கி, பேரை மட்டும் மாத்தி எனக்கே திருப்பி அனுப்பியிருக்கா!

அன்னிக்கு சாயங்காலம் ஒரு வேலை பண்ணினேன். அந்த டிராஃப்டைப் பிரின்ட் எடுத்து, சிவப்பு பேனாவோட உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியையும் படிச்சு, 'இதே வரியை அந்த பேட்ச்ல வேற யாருக்காவது எழுத முடியுமா?'னு கேட்டுக்கிட்டேன். முடியும்னா அடிச்சுட்டேன். கடைசியில மிஞ்சினது ரெண்டே விஷயம். அவளோட பேர், ரெஜிஸ்டர் நம்பர்!

'கடின உழைப்பாளி'ங்கிற வார்த்தையில இன்னொரு வில்லங்கமும் இருக்கு. 2003-ல டிரிக்ஸ், ஸென்கானு ரெண்டு பெண் ஆய்வாளர்கள் ஒரு அமெரிக்க மருத்துவக் கல்லூரி வேலைக்காக எழுதப்பட்ட முந்நூத்துச் சொச்சம் பரிந்துரைக் கடிதங்களை எடுத்து ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. பெண்களுக்கு எழுதின கடிதங்கள் சராசரியா சின்னதா இருந்துச்சு. கஷ்டப்பட்டு உழைப்பாங்கங்கிற மாதிரி வார்த்தைகள் அதுல அதிகமா வந்துச்சு. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா படிக்கிறவருக்கு, 'பாவம், முயற்சி பண்ணுது... திறமை பத்திச் சொல்ல ஒண்ணுமில்லை போல'னு தோணிடும். என் பழைய லெட்டர்களை எடுத்துப் பார்த்தேன். பசங்களுக்கு 'அறிவுக்கூர்மை மிக்கவர்', பொண்ணுங்களுக்கு 'கடின உழைப்பாளி'. நானேதான்!

சரி, வார்த்தைகள் வேண்டாம். நான் கண்ணால பார்த்தது என்ன? அதை யோசிக்க ஆரம்பிச்சேன்.

அவ கடைசி வருஷம் படிக்கும்போது எங்க லேப்ல உதவியாளர் போஸ்ட் காலியா கிடந்துச்சு. வியாழக்கிழமை மத்தியானம் ஃபர்ஸ்ட் இயர் பிராக்டிகல். கருவிகளை எடுத்துக் கொடுக்க, திருப்பி வாங்கி வைக்க ஒரு ஆள் வேணும். அவளையும் இன்னொரு பையனையும் கூப்பிட்டேன். அந்தப் பையன் ரெண்டு வாரத்துல எஸ்கேப். அவ செமஸ்டர் முழுக்க வந்தா.

ஒரு வியாழக்கிழமை, ஒரு சிலிண்டரோட விட்டத்தை வெர்னியர் காலிப்பரால அளக்கணும். வெர்னியர் தெரியும்ல? ரெண்டு தாடை இருக்கும், நடுவுல பொருளை வெச்சு இறுக்கணும். எங்க லேப் காலிப்பர் 0.01 சென்டிமீட்டர் வரைக்கும் துல்லியமா காட்டும். ஆனா எல்லாம் பழசு. தாடையை முழுசா மூடினாலும் வெர்னியரோட ஜீரோ கோடு சரியா மெயின் ஸ்கேல் ஜீரோவுல நிக்காது. கொஞ்சம் தள்ளி நிக்கும். இதுக்குப் பேருதான் ஜீரோ எர்ரர், அதாவது சுழிப்பிழை. அது பிளஸ் பக்கம் இருந்தா அளவுல இருந்து கழிக்கணும். மைனஸ் பக்கம் இருந்தா கூட்டணும். வருஷா வருஷம் பாதி கிளாஸ் இதுல தலைகீழா பண்ணும். நானும் வருஷா வருஷம், 'டேய், பிளஸ்னா மைனஸ்டா... மைனஸ்னா பிளஸ்டா'னு கத்துவேன். அடுத்த வாரம் மறுபடி தலைகீழா பண்ணுவாங்க.

அன்னிக்கு ஒரு தம்பி 2.41-னு விடை கொண்டு வந்தான். சரியான விடை 2.35. 'தப்பு, போய் மறுபடி பாரு'னு அனுப்பிட்டேன். அவன் மறுபடி அளந்து, மறுபடி 2.41-னு கொண்டு வந்தான். தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்த பையன். முகம் சுருங்கிப் போச்சு. நான் பக்கத்து டேபிள்ல வேற யாருக்கோ சொல்லிக்கிட்டிருந்தேன். அவ அவனோட நோட்டை வாங்கிப் பார்த்தா.

ரெண்டு விடைக்கும் வித்தியாசம் 0.06. அந்தக் காலிப்பரோட சுழிப்பிழை 0.03. அதாவது, வித்தியாசம் சரியா ரெண்டு மடங்கு! அளக்கிறதுல அவன் தப்பே பண்ணலை. காலிப்பர் காட்டினது 2.38. அதுல இருந்து 0.03-ஐக் கழிக்காம, கூட்டியிருக்கான். கழிச்சிருந்தா 2.35. கூட்டினதால 2.41. நோட்டைப் பார்த்த அரை நிமிஷத்துல அவ இதைக் கண்டுபிடிச்சுட்டா. 'தம்பி, நீ கரெக்டாத்தான் அளந்திருக்கே'னு அவ சொன்னது என் காதுல விழுந்துச்சு. நான் ரெண்டு தடவை 'தப்பு'னு அனுப்பின பையன்கிட்ட!

அடுத்து அவ என்ன பண்ணுவானு நினைக்கிறீங்க? 'கூட்டாதே, கழி'னு சொல்லியிருப்பானுதானே? சொல்லலை. சிலிண்டரை வாங்கிக் கீழே வெச்சுட்டு, 'வெறும் தாடையை மூடு. நடுவுல எதுவுமே இல்லை. இப்ப எவ்வளவு காட்டுது?'னு கேட்டா.

'0.03, அக்கா.'

'காலியா இருக்கும்போதே 0.03 காட்டுதுன்னா, சிலிண்டரை வெச்சப்போ காட்டின 2.38-ல என்ன இருக்கும்?'

பையன் முழிச்சான். அவளும் பேசலை. நான் எண்ணலை, ஆனா ரொம்ப நேரமா இருந்துச்சு. எனக்கே வாய் துறுதுறுன்னுச்சு, குறுக்கே போய்ச் சொல்லிடலாம்னு. அவ சும்மா நின்னா. கடைசியில, 'காய்கறிக் கடை தராசுல தட்டு காலியா இருக்கும்போதே 50 கிராம் காட்டினா கடைக்காரர்கிட்ட என்ன சொல்லுவே?'னு மட்டும் கேட்டா. 'அந்த 50-ஐக் கழிங்கண்ணேம்பேன்... ஓ!' அந்த 'ஓ' எனக்கு இன்னும் கேட்குது.

இந்தக் காத்திருப்பு இருக்கே, அது லேசான விஷயம் இல்லை. மேரி பட் ரோ-னு ஒரு அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளை டேப்புல பதிவு பண்ணிக் கேட்டாங்க. ஒரு கேள்வி கேட்டுட்டு டீச்சர் காத்திருக்கிற நேரம் சராசரியா ஒரு செகண்டுதான். அதுக்குள்ள பதில் வரலைன்னா டீச்சரே சொல்லிடுவாங்க, இல்லே வேற ஆளைக் கேட்பாங்க. அதையே மூணு செகண்ட் ஆக்கினா, பிள்ளைங்க பதில் நீளமாகுது, வாயே திறக்காத பிள்ளையும் பேசுது. கேட்டா 'பூ, மூணு செகண்டா!'னு தோணும். அடுத்த தடவை யாருக்காவது பாடம் சொல்லிக்கொடுக்கும்போது காத்திருந்து பாருங்க, தெரியும். எனக்கு இன்னிக்கும் கஷ்டம்தான்.

கதை இதோட முடியலை. பையனுக்குப் புரிஞ்சுடுச்சு. நானா இருந்தா டிக் அடிச்சு அனுப்பியிருப்பேன். அவ அலமாரிக்குப் போய் வேற காலிப்பர் ஒண்ணைத் தேடி எடுத்துட்டு வந்தா. அது எதிர்ப்பக்கம் பிழை உள்ளது. மூடினா ஜீரோவைத் தாண்டி 0.02 குறைவா காட்டும். 'இப்ப இதுல அளந்து சொல்லு'னா. பையன் ஃபார்முலா எதையும் தேடலை. 'இது காலியா இருக்கும்போது ரெண்டு கம்மியா காட்டுதுக்கா. அப்போ ரெண்டு சேர்க்கணும்.' அப்பத்தான் அவனை விட்டா.

என்ன நடந்துச்சுனு பாருங்க. தப்பான விடையை வெச்சே, அது எங்கேயிருந்து வந்துச்சுனு கண்டுபிடிச்சா. விடையைச் சொல்லாம, அவனே போய்ச் சேர்ற மாதிரி ஒரு கேள்வி கேட்டா. புரிஞ்சுதானு சரிபார்க்க, அதே கணக்கைக் கொடுக்காம, எதிர்மாதிரி கணக்கைக் கொடுத்தா. ஆசிரியர் பயிற்சியில வருஷக்கணக்கா சொல்லித்தர முயற்சி பண்றது இதைத்தான். இருபது வயசுப் பொண்ணு யாரும் சொல்லாம பண்ணியிருக்கா. நான் பார்த்தும் இருக்கேன். ஆனா அன்னிக்கு ஒரு வார்த்தை பாராட்டலை. அவ அனுப்பின டிராஃப்ட்ல இது இல்லாததுக்குக் காரணமே அதுதான். அது பெரிய விஷயம்னு அவளுக்கு யாரும் சொல்லலையே!

ஆனா ஒன்பது வருஷத்துக்கு முந்தின சம்பவம். என் ஞாபகத்தை நம்பி எழுதலாமா? நல்லா வரணும்னு நானே நகாசு வேலை பண்ணியிருந்தா? அந்தத் தம்பியோட நம்பரைத் தேடிப்பிடிச்சு போன் போட்டேன். ஒரு மெஷின் ஷாப்புல குவாலிட்டி செக்கிங் வேலையில இருக்கான்.

'அந்த அக்காவா சார்? காய்கறிக் கடைத் தராசு சொன்னாங்களே!'னான். அவனுக்கு நம்பரெல்லாம் ஞாபகம் இல்லை. 'இப்ப டிஜிட்டல் வெர்னியர் சார். ஜீரோ பட்டன் இருக்கு. ஆனாலும் காலியா மூடிப் பார்த்துட்டுதான் ஷிப்ட்டே ஆரம்பிப்பேன்' என்றான். போனை வெச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சம்பவம் போதுமா? எதேச்சையா ஒருநாள் நடந்துச்சுனு யாரும் சொல்லலாமே! இன்னொண்ணு யோசிச்சேன். அது அவ சொதப்பின கதை.

ரெண்டாவது வருஷம் செமினார். டிரான்ஸிஸ்டர் பத்தி இருபது நிமிஷம் பேசணும். அவ எக்ஸ்பிரஸ் வேகத்துல பதினோரு நிமிஷத்துல முடிச்சுட்டா. ஒருத்தருக்கும் புரியலை. கிளாஸே சிரிச்சுது. அழுதுடுவானு நினைச்சேன். ஆனா அடுத்த வாரம் வந்து, 'சார், இன்னொரு சான்ஸ் கொடுங்க'னு கேட்டா. இடையில அவ பண்ணின வேலைதான் முக்கியம். கடைசி பெஞ்ச் ஆட்கள் நாலு பேர்கிட்ட தனித்தனியா போய், 'நான் பேசினதுல எந்த இடத்துல விட்டீங்க?'னு கேட்டிருக்கா. நாலு பேரும் ஒரே இடத்தைச் சொல்லியிருக்காங்க. 'பேஸ்ல மட்டும் ஏன் கரன்ட் கம்மியா போகுது?'ங்கிற இடம். அவ அதை ஒரே வரியில தாண்டிப் போயிருந்தா. ரெண்டாவது தடவை அந்த ஒரு இடத்துக்கே பத்து நிமிஷம் எடுத்துக்கிட்டா. நடுவுல இருக்கிற பேஸ் ரொம்ப மெல்லிசு, அதனால எலெக்ட்ரான்ல பெரும்பகுதி அங்கே நிக்காம அந்தப் பக்கம் கலெக்டருக்குப் போயிடுதுனு படம் போட்டுக் காட்டினா. மீதியைக் குறைச்சுட்டா. இந்தத் தடவை யாரும் சிரிக்கலை.

ஆக, லெட்டருக்கு ரெண்டு சம்பவம் கிடைச்சுது. அடுத்தது அந்த ஆன்லைன் படிவம்.

அங்கேயும் ஒரு கூத்து. பல்கலைக்கழகத்துல இருந்து எனக்கு இ-மெயில்ல ஒரு லிங்க் வரும். அதுக்குள்ளே போய்த்தான் லெட்டரை ஏத்தணும். அவ என் சொந்த மெயில் ஐ.டி.யைக் கொடுத்திருந்தா. கல்லூரி முகவரியில இருந்து வந்தா நல்லதுனு குறிப்பு இருந்துச்சு. நியாயம்தான், யார் வேணா என் பேர்ல ஒரு ஐ.டி. ஆரம்பிச்சு எழுதிடலாமே! கல்லூரி ஐ.டி.யோட பாஸ்வேர்டு மறந்து, அதை மீட்கவே ரெண்டு நாள் போச்சு. நீங்க யார்கிட்டயாவது லெட்டர் கேட்டா, இதை முதல்லயே விசாரிச்சு வெச்சுக்கங்க.

படிவத்துல, 'இந்த லெட்டரைப் படிக்கும் உரிமையை விண்ணப்பதாரர் விட்டுக்கொடுத்திருக்கிறார்'னு ஒரு வரி. அமெரிக்காவுல 1974-ல வந்த ஒரு சட்டப்படி மாணவர்களுக்குத் தங்களோட கல்விக் கோப்புகளைப் பார்க்க உரிமை உண்டு. வேணும்னா பரிந்துரைக் கடிதத்தைப் பொறுத்தவரை அந்த உரிமையை எழுத்துல விட்டுக்கொடுக்கலாம். எழுதுறவர் தயங்காம உண்மையைச் சொல்லட்டும்னுதான் பலர் விட்டுக்கொடுக்கிறாங்க. அவளும் விட்டுக்கொடுத்திருந்தா. அதாவது, நான் என்ன எழுதினாலும் அவ பார்க்கப்போறதில்லை. டிராஃப்ட் எழுதிக் கையெழுத்து வாங்குற நம்ம பழக்கம் எவ்வளவு பெரிய தப்புனு அந்த வரியைப் படிச்சப்போதான் உறைச்சுது.

அதுக்குக் கீழே ஒரு கட்டம். பாட அறிவு, விளக்கும் திறன், பொறுப்பு, சிறுவர்களோட பழகும் தன்மைனு வரிசை. ஒவ்வொண்ணுக்கும் முதல் 1 சதவீதமா, 5 சதவீதமா, 10-ஆ, 25-ஆனு டிக் பண்ணணும். கடைசியா ஒரு கட்டம், 'கருத்துச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை.'

பக்கத்து சீட் நண்பர் எட்டிப் பார்த்தார். 'எல்லாத்துலயும் முதல் கட்டத்துல போட்டு விடுங்க சார். நம்ம பொண்ணு, நல்லா இருக்கட்டும்!'

நல்ல மனுஷன். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. பதினெட்டு வருஷத்துல என்கிட்ட சுமார் 900 பேர் படிச்சிருப்பாங்க. முதல் 1 சதவீதம்னா ஒன்பதே பேர். பாட அறிவுல அவ அந்த ஒன்பதுல ஒருத்தியா? சத்தியமா இல்லை. அவளோட மொத்த மார்க் 58 சதவீதம். மார்க் பட்டியலையும் அவங்க வெச்சிருப்பாங்க. 58 மார்க்குக்கு 'முதல் 1 சதவீதம்'னு டிக் அடிச்சா, விளக்கும் திறனுக்கு நான் போடுற டிக்கையும் சேர்த்து யாரும் நம்ப மாட்டாங்க. எல்லாம் ஒரே பொய்க் கணக்குல போயிடும்.

அதனால பாட அறிவுக்கு முதல் 25-ல போட்டேன். விளக்கும் திறனுக்கு முதல் 5. அதாவது 900-ல 45 பேர்; அதுல அவ நிச்சயம் உண்டு. சிறுவர்களோட பழகுறதுக்கு, 'ஆதாரம் இல்லை.' நான் அவளை பதினேழு, பதினெட்டு வயசுப் பசங்களோடதான் பார்த்திருக்கேன். பார்க்காததைப் பார்த்தேன்னு எப்படி எழுத?

கடைசியா லெட்டர். ஆங்கிலத்துல ஒரு பக்கம். சாரம் தமிழ்ல இதுதான்:

'இவரை 2012 முதல் 2015 வரை மூன்று ஆண்டுகள் வகுப்பிலும் ஆய்வகத்திலும் அறிவேன். இவருடைய மொத்த மதிப்பெண் 58 சதவீதம். அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழிக்கு வந்தவர். முதல் பருவத்தில் கணிதத்தில் தோற்று, மறுதேர்வில் தேறினார். கடைசி இரண்டு பருவங்களில் 68 சதவீதம் பெற்றார்.

'இவர் ஆசிரியராவார் என்று நான் நம்புவதற்கு, நேரில் பார்த்த இரண்டு சம்பவங்களே காரணம்...'

பிறகு காலிப்பர் கதை, நம்பர்களோட. செமினார் கதை, பதினோரு நிமிஷத்தோட. அதுக்கப்புறம்:

'முதல் சம்பவத்தை அந்த இளைய மாணவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். காலிக் காலிப்பரும் தராசும் அவருக்கு இன்றும் நினைவிருக்கின்றன. எண்கள் மட்டும் என் நினைவிலிருந்து எழுதியவை. இவருடைய குறை, பெரிய வகுப்பின் முன் நின்றால் வேகமாகப் பேசிவிடுவது. தனி ஒருவரிடம் இவருக்கு இருக்கும் பொறுமை, கூட்டத்தின் முன் வர இன்னும் பயிற்சி வேண்டும். சிறுவர்களுடன் இவரை நான் பார்த்ததில்லை. அதைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். என் வகுப்பில் அதுவரை நான் சரியாகச் சொல்லிக்கொடுக்காத ஒன்றை இவர் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தார். அதன் பிறகு நானும் இவர் முறையில்தான் சொல்லித் தருகிறேன்.'

அவ்வளவுதான். 'பணிவானவர்' இல்லை. 'வெற்றி பெற வாழ்த்துகிறேன்' இல்லை. குறையைப் போய் எழுதணுமானு நீங்க கேட்பீங்க. எனக்கும் கை நடுங்குச்சு. ஆனா ஆசிரியர் பயிற்சிக்குப் போறதே கத்துக்கத்தானே? 'இந்தப் பொண்ணு தன் தப்பைப் பார்த்துத் திருத்திக்கும்'னு காட்ட, ஒரு தப்பு இருந்தாகணும். செமினார் கதையில தப்பும் இருந்துச்சு, திருத்தினதும் இருந்துச்சு.

இனி உங்களுக்கு. ஒருநாள் நீங்களும் யார்கிட்டயாவது லெட்டர் கேட்டு நிப்பீங்க. ஹெச்.ஓ.டி.ங்கிற பட்டத்துக்காகப் போகாதீங்க. உங்க வேலையைக் கிட்ட நின்னு பார்த்தவர் யாரோ, அவர்கிட்ட போங்க. அவர் கெஸ்ட் லெக்சரரா இருந்தாலும் சரி. கடைசித் தேதிக்கு மூணு வாரம் முன்னாடியே கேளுங்க. டிராஃப்ட் எழுதிக் கொடுக்காதீங்க. அதுக்குப் பதிலா ஒரு தாள்ல, 'சார், அந்த செமஸ்டர்ல இது நடந்துச்சு, நீங்க இருந்தீங்க, ஞாபகம் இருக்கா?'னு நாலு சம்பவம் எழுதிக் கொடுங்க. எழுதறது அவர் வேலை. ஞாபகப்படுத்தறது உங்க வேலை. முக்கியமா டீச்சராகணும்னு ஆசை இருந்தா, அரியர் வெச்ச ஃபிரெண்டுக்கு ஹாஸ்டல் ரூம்ல சொல்லிக்கொடுக்கிறீங்களே, அதை நோட்டுல குறிச்சு வைங்க. எந்த இடத்துல அவனுக்குப் புரியலை, நீங்க எதை மாத்திச் சொன்னீங்க, அப்புறம் அவன் என்ன பண்ணினான்... இந்த மூணும் தேதியோட இருந்தா போதும்.

அவளுக்கு என்ன ஆச்சுனு கேட்கிறீங்களா? இடம் கிடைச்சுது. என் லெட்டராலனு சொல்ல மாட்டேன். இன்னும் ரெண்டு லெட்டர், கட்டுரை, நேர்முகம் எல்லாம் இருந்துச்சே. அட்மிஷன் முடிஞ்ச பிறகு, 'உன் கதையை எழுதலாமா?'னு கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன்.

'சார், அந்த லெட்டர்ல என்னதான் எழுதினீங்க?'னு கேட்டா.

'நீதான் பார்க்குற உரிமையை விட்டுக்கொடுத்துட்டியேம்மா!'னேன்.

இந்த இதழ் ஒண்ணு அவளுக்கு அனுப்பி வைக்கணும். அந்த வியாழக்கிழமை மத்தியானமே நான் சொல்லியிருக்க வேண்டியது, இப்பவாவது போய்ச் சேரட்டும்.